பாட்டியின் கல்யாணப் போட்டோ: மூலத்தைத் தொடாமல் திருத்துவதும் ஃபைலுக்குப் பெயர் வைப்பதும்

கேள்வி: "அண்ணே, நாங்கள் பெகுவில் இருக்கிறோம். பாட்டியின் கல்யாணப் போட்டோவை ஸ்கேன் செய்து போட்டோஷாப்பில் கறை, கீறல் எல்லாம் எடுத்து, அதே பெயரில் சேவ் செய்துவிட்டேன். பாட்டி பார்த்துவிட்டு 'இது என் முகமே இல்லை' என்கிறார். பழையபடி கொண்டுவர முடியவில்லை. final, final2, final_new என்று ஆறு ஃபைல்கள் கிடக்கின்றன. எது எதற்குப் பிறகு வந்தது என்று எனக்கே தெரியவில்லை. சென்னையில் சித்தப்பாவிடம் இதே போட்டோவின் இன்னொரு பிரதி இருக்கிறது. எங்களுடையதில் கிழிந்துபோன மூலை அதில் நன்றாக இருக்கிறது. இரண்டையும் சேர்க்கலாமா? இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க எப்படிச் செய்ய வேண்டும்?"

தம்பி, முதலில் ஒரு நிம்மதியான விஷயம். காகிதப் பிரதி இன்னும் வீட்டில் இருக்கிறது. நீங்கள் இழந்தது ஒரு ஸ்கேன் மட்டும்தான், அதை நாளைக்கே மறுபடி எடுக்கலாம். போட்டோஷாப்பின் ஹிஸ்டரி, ஃபைலை மூடியதும் போய்விடும். அதனால் மேலே சேவ் செய்த ஃபைலுக்குள் பழைய முகத்தைத் தேடிப் பயனில்லை. வைபரில் யாருக்காவது முதலில் அனுப்பிய படம் இருந்தால், அது சுருக்கப்பட்டதுதான் என்றாலும் எடுத்து வையுங்கள். முகம் எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பாட்டி சொன்னதை அப்படியே நம்புங்கள். எனக்கும் இதே நேர்ந்தது. ரங்கூனில் என் அத்தையின் பழைய போட்டோ ஒன்றைச் சுத்தம் செய்தபோது, இரண்டு கன்னங்களிலும் வெளிறிய திட்டு இருந்தது. மழைக்காலப் பூஞ்சை என்று நினைத்து, ஹீலிங் பிரஷ்ஷால் கவனமாக எடுத்துவிட்டேன். அத்தை பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என் தனக்கா எங்கேடா?" நான் அழித்தது கறை இல்லை, அன்று காலை அவர் கன்னத்தில் பூசியிருந்த தனக்கா. அதே படத்தில் மூக்குத்தியின் ஒளிப்புள்ளியையும் தூசி என்று நினைத்து Dust & Scratches ஃபில்டர் விழுங்கியிருந்தது. உங்கள் பாட்டியின் படத்திலும் இப்படி ஒன்று போயிருக்கலாம். எது கறை, எது அந்த மனிதர் என்பது படத்தைத் திருத்துகிறவருக்கு எப்போதும் தெரியாது. அதனால் எந்தத் திருத்தத்தையும் தனியாகத் திரும்ப எடுக்க முடிகிற மாதிரி வேலை செய்ய வேண்டும். கீழே சொல்வது எல்லாமே அதற்காகத்தான்.

சரி, ஸ்கேனிலிருந்து தொடங்குவோம். போட்டோ 6×8 அங்குல அளவு என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்துக் கல்யாணப் படங்கள் பல அந்த அளவை ஒட்டியே இருக்கும். 600 டிபிஐ-யில் எடுத்தால் 3600×4800 பிக்ஸல் கிடைக்கும். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். கறை பெரும்பாலும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும், படம் சாம்பல் நிறமாக இருக்கும். வண்ணத்தில் எடுத்தால் இந்த வித்தியாசம் ஃபைலுக்குள் தங்கும், பிறகு கறையைப் பிரித்தெடுக்க அதுதான் கைப்பிடி. கிரேஸ்கேலில் எடுத்தால் கறையும் நிழலும் ஒரே சாம்பலாகிவிடும். ஸ்கேனர் 16 பிட் தந்தால் அதையே எடுங்கள். இந்த அளவில் ஃபைல் ஏறக்குறைய 104 எம்பி வரும், பரவாயில்லை. டிஃப் ஆக சேவ் செய்யுங்கள். ஜேபெக் ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் படத்தைப் புதிதாகச் சுருக்கும், அதில் நுணுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். ஸ்கேனர் மென்பொருளில் தூசி நீக்கு, நிறம் மீட்டெடு, கூர்மையாக்கு என்று வரும் தானியங்கி வசதிகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். அவை செய்கிற மாற்றம் மூலத்திலேயே கலந்துவிடும், பிரித்தெடுக்க வழி இல்லை.

பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோவின் முத்திரையோ பென்சிலில் எழுதிய தேதியோ அங்கேதான் இருக்கும்.

ஸ்கேன் முடிந்த உடனே, வேறு எதுவும் செய்வதற்கு முன், அந்த ஃபைலைப் பூட்டுங்கள். K0042a_m01.tif என்பது அந்த ஸ்கேனுக்கு நான் வைக்கும் பெயர், அதன் பொருளைப் பின்னால் சொல்கிறேன். விண்டோஸில் அந்த போல்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இரண்டு வரிகள் அடித்தால் போதும்:

```
attrib +r K0042a_m01.tif
certutil -hashfile K0042a_m01.tif SHA256
```

முதல் வரி ஃபைலைப் படிக்க மட்டும் என்று ஆக்குகிறது. நீங்கள் மறந்துபோய்க் கன்ட்ரோல் எஸ் அழுத்தினாலும் போட்டோஷாப் அதன் மேல் எழுத மறுக்கும். இந்தப் பூட்டு முக்கியம், ஏனென்றால் போட்டோஷாப் டிஃப் ஃபைலுக்குள்ளேயே லேயர்களையும் சேவ் செய்துவிடும். எச்சரிக்கையைக் கவனிக்காமல் சம்மதம் சொன்னால் மூல ஃபைலே வேலை ஃபைலாக மாறிவிடும். இரண்டாவது வரி 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகையைத் தரும். அதை ஒரு நோட்பேட் ஃபைலில் ஒட்டி வையுங்கள். அடுத்த வருடம் பென்டிரைவிலிருந்து எடுத்த பிரதிக்கு அதே கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அதே எழுத்துகள் வந்தால் ஒரு பிட் கூட மாறவில்லை என்று பொருள். ஓர் எழுத்து வேறாக இருந்தாலும் அந்தப் பிரதி மாறியிருக்கிறது அல்லது கெட்டிருக்கிறது.

இப்போது வேலை ஃபைல். மூலத்தைப் போட்டோஷாப்பில் திறந்து, லேயர்ஸ் பேனலில் அந்த ஒரே லேயரின் மேல் வலது கிளிக் செய்து Convert to Smart Object கொடுங்கள். உடனே Save As போய் பிஎஸ்டி வடிவத்தில் புதுப் பெயரில் சேவ் செய்யுங்கள். சேவ் செய்யும்போது Maximize Compatibility கேட்டால் சம்மதியுங்கள். அப்போதுதான் லேயர்கள் புரியாத மற்ற மென்பொருள்களும் முழுப் படத்தையாவது காட்ட முடியும்.

ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்பது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த படம் மாதிரி. வெளியிலிருந்து பார்க்கலாம், சாய்க்கலாம், சிறிதாக்கலாம், மேலே ஃபில்டர் போடலாம். உள்ளே இருக்கும் பிக்ஸல்கள் மாறாது. பாதியாகச் சுருக்கி, நாளைக்கு மறுபடி 100 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் எந்த நுணுக்கமும் போயிருக்காது. சாதாரண லேயரில் அப்படி இல்லை. ஒருமுறை சுருக்கினால் மீதிப் பிக்ஸல்கள் போனது போனதுதான்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் மேல் பிரஷ்ஷோ க்ளோன் ஸ்டாம்ப்போ ஹீலிங் பிரஷ்ஷோ நேரடியாக வேலை செய்யாது. கிளிக் செய்தால் ராஸ்டரைஸ் செய்யவா என்று ஒரு பெட்டி கேட்கும். பலர் அவசரத்தில் சரி என்று அழுத்திவிடுகிறார்கள். அந்த நொடியில் கண்ணாடிப் பெட்டி உடைந்து, படம் மறுபடி சாதாரண லேயர் ஆகிவிடும். அந்தப் பெட்டி வந்தால் நீங்கள் தவறான லேயரில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். ரத்து செய்துவிட்டு, மேலே ஒரு வெற்று லேயர் போட்டு அதில் வேலை செய்யுங்கள்.

வெற்று லேயரில் எப்படி ஹீல் செய்வது? கருவியின் மேல்பட்டையில் Sample என்று ஒரு தேர்வு இருக்கும். ஹீலிங் பிரஷ்ஷுக்கும் க்ளோன் ஸ்டாம்ப்புக்கும் அதை Current & Below என்று வையுங்கள். ஸ்பாட் ஹீலிங் பிரஷ்ஷில் Sample All Layers என்ற கட்டம் மட்டும் இருக்கும், அதை டிக் செய்யுங்கள். இப்படி வைத்தால் கருவி கீழே இருக்கும் படத்திலிருந்து எடுத்து, இந்த வெற்று லேயரில் ஒட்டும். மூலத்தின் கண்ணை மூடிவிட்டு இந்த லேயரை மட்டும் பார்த்தால், நீங்கள் ஒட்டிய சின்னச் சின்னத் துண்டுகள் தனியாக மிதப்பது தெரியும். அவைதான் உங்கள் வேலை, மீதி எல்லாம் போட்டோ.

இங்கே எல்லோரும் மாட்டிக்கொள்ளும் ஒரு குழி இருக்கிறது. மேலே கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்று போட்டுப் படத்தைப் பளிச்சென்று ஆக்கியிருக்கிறீர்கள், பிறகு கீழே வந்து ஹீல் செய்கிறீர்கள் என்று வையுங்கள். எல்லா லேயரிலிருந்தும் எடு என்று இருந்தால், கருவி பளிச்சென்று ஆன நிறத்தை எடுத்துக் கீழே ஒட்டும். அந்தத் துண்டின் மேல் கர்வ்ஸ் மறுபடி வேலை செய்யும். ஒட்டிய இடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்தோ வெளுத்தோ புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் காரணம் இதுதான். Current & Below வைத்தால் இந்தச் சிக்கல் வராது. ஸ்பாட் ஹீலிங் பிரஷ்ஷுக்கு அந்தத் தேர்வு இல்லாததால், அதைப் பயன்படுத்தும்போது மேலே உள்ள அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களின் கண்ணை மூடிவிட்டு வேலை செய்யுங்கள்.

ஒரே லேயரில் எல்லாவற்றையும் ஹீல் செய்யாதீர்கள். இதைத்தான் அத்தையின் படத்தில் நான் கற்றுக்கொண்டேன். பின்னணித் திரைக்கு ஒரு லேயர், புடவைக்கும் வேட்டிக்கும் ஒன்று, முகங்களுக்கு ஒன்று என்று பிரியுங்கள். பாட்டி முகம், தாத்தா முகம் என்று இரண்டாகப் பிரித்தால் இன்னும் நல்லது. லேயரின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். பின்னணியில் நூறு புள்ளிகளை எடுத்ததைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. கேள்வி எப்போதும் முகத்தில்தான் வரும். அப்போது அந்த ஒரு லேயருக்கு மட்டும் மாஸ்க் போட்டு, கறுப்பு பிரஷ்ஷால் கன்னத்தின் மேல் தடவினால் போதும். அத்தையின் தனக்காவும் மூக்குத்தியும் போன ஃபைலில் எல்லாம் ஒரே லேயராகத் தட்டையாகியிருந்தது. அதனால் ஸ்கேனிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. இந்த முறையில் செய்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

மஞ்சள் கறையை எடுக்க ஹீலிங்குக்கே போக வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் மேலே Black & White அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்று போட்டு, Yellows ஸ்லைடரை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். கறை மட்டும் மஞ்சளாக இருந்தால் அது வெளுத்துச் சுற்றுப்புறத்தோடு கலந்துவிடும். ஒரு பிக்ஸலையும் தொடவில்லை. கறைக்கு அடியில் இருந்த மாலையின் இழைகள் அப்படியே தெரியும். ஹீலிங் செய்திருந்தால் அந்த இழைகளுக்குப் பதில் பக்கத்துத் துண்டு வந்திருக்கும். படம் முழுவதுமே மஞ்சளாகியிருந்தால் இந்த வழி அவ்வளவாக எடுபடாது, எல்லாம் சேர்ந்து வெளுக்கும். அப்போது கறை இருக்கும் இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு முயன்று பாருங்கள்.

அடுத்தது சித்தப்பாவின் பிரதி. 1942-ல் நடந்து போனவர்கள், 1964-ல் கப்பலேறியவர்கள் என்று நம் குடும்பங்கள் பிரிந்த விதத்தில், ஒரே நெகட்டிவின் ஒரு பிரதி இங்கேயும் இன்னொன்று தமிழ்நாட்டிலும் இருப்பது உண்டு. இரண்டும் ஒரே நெகட்டிவிலிருந்து வந்திருந்தால் அழகாகப் பொருந்தும். மூலையை உங்கள் கற்பனையால் நிரப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

சித்தப்பா அனுப்பிய ஃபைலை File மெனுவில் Place Embedded வழியாக வேலை ஃபைலுக்குள் கொண்டுவாருங்கள். அது தானாகவே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வரும். பக்கத்திலேயே Place Linked என்றும் ஒன்று இருக்கும். அதில் படம் வெளியே தனி ஃபைலாகவே இருக்கும், பிஎஸ்டி அதைச் சுட்டிக்காட்ட மட்டும் செய்யும். ஃபைல் சிறியதாக இருக்கும் என்றாலும் குடும்பச் சேமிப்புக்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. பிஎஸ்டியை மட்டும் பென்டிரைவில் எடுத்துப்போய் வேறு கணினியில் திறந்தால் இணைப்பு காணவில்லை என்று வரும். ஆறு வருடம் கழித்துத் திறக்கப்போவது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். கொஞ்சம் பெரிதானாலும் எல்லாம் ஒரே ஃபைலுக்குள் இருக்கட்டும். Place Embedded வழியாக வைத்த படத்தை எப்போது வேண்டுமானாலும் வலது கிளிக் செய்து Export Contents கொடுத்து அதன் பழைய வடிவத்திலேயே வெளியே எடுக்கவும் முடியும்.

அவர் 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்திருந்தால், அதை ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாக்கினால்தான் உங்கள் படத்தின் அளவுக்கு வரும். பெரிதாக்குவதால் அதில் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது, கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும். மூலையில் திரைச்சீலையும் தரையும்தான் என்றால் அது தெரியாது. பொருத்துவதற்கு அந்த லேயரின் பிளெண்ட் மோடை Difference என்று மாற்றுங்கள். இரண்டும் எங்கே ஒத்துப்போகிறதோ அங்கே கறுப்பாகும், விலகும் இடத்தில் வெளிச்சக் கோடுகள் தெரியும். கன்ட்ரோல் டி அழுத்தி, முதலில் பாட்டியின் கண்ணும் தாத்தாவின் கண்ணும் பொருந்தும்படி அளவையும் சாய்வையும் மாற்றுங்கள். பிறகு மூலைக்கு அருகே பாருங்கள். மூன்று நான்கு தடவை முன்னே பின்னே போக வேண்டியிருக்கும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்பதால் எத்தனை தடவை அளவு மாற்றினாலும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் முழுப் படத்திலிருந்தே கணக்கிடும், மங்கல் சேர்ந்துகொண்டே போகாது. கண்கள் பொருந்தியும் ஓரம் பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒரு காகிதம் வளைந்திருக்கிறது. மூலை மட்டும் சரியாக இருந்தால் போதும், முகத்தை அந்தப் பிரதியிலிருந்து எடுக்கப்போவதில்லையே.

பொருந்தியதும் பிளெண்ட் மோடை Normal ஆக்கி, ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு மாஸ்க் பொத்தானை அழுத்துங்கள். லேயர் முழுவதும் மறையும். வெள்ளை பிரஷ்ஷால் கிழிந்த மூலையில் மட்டும் தடவினால் அந்த இடம் வெளிப்படும். இரண்டு பிரதிகளும் வேறுவேறு வேகத்தில் வெளிறியிருக்கும் என்பதால் நிறம் ஒட்டாமல் நிற்கும். அந்த லேயருக்கு மட்டும் ஒரு கர்வ்ஸ் லேயரை க்ளிப் செய்து நிழலையும் வெளிச்சத்தையும் உங்கள் படத்துக்குச் சமமாக்குங்கள். இதை ஹீலிங் லேயர்களுக்குக் கீழே, மூலத்துக்கு நேர் மேலே வையுங்கள். சேரும் விளிம்பில் தெரியும் கோட்டை அதற்கு மேலே உள்ள பின்னணி லேயரில் ஹீல் செய்துகொள்ளலாம்.

வரிசையைப் பற்றி இன்னொன்று. ஹீலிங் துண்டுகள் கீழே இருக்கும் படத்தின் அந்த நேரத்து நிலையை நகல் எடுத்தவை. பிறகு நீங்கள் மூலத்தைச் சாய்த்தாலோ அதன் மேல் ஃபில்டர் போட்டாலோ துண்டுகள் கூடவே மாறாது, பழைய இடத்தில் ஒட்டுப்போட்ட மாதிரி நிற்கும். அதனால் படம் சாய்ந்திருந்தால் ஹீல் செய்வதற்கு முன்பே நேராக்குங்கள். க்ராப் செய்யும்போது Delete Cropped Pixels டிக்கை எடுத்துவிடுங்கள், அப்போது வெட்டிய ஓரம் மறைந்துதான் இருக்கும், அழியாது. தூசி ஃபில்டரோ கூர்மையோ வேண்டுமானால் மூலத்தையும் மூலைத் துண்டையும் ஹீலிங் லேயர்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, மொத்தமாக இன்னொரு ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி அதன் மேல் போடுங்கள். ஃபில்டருக்கு வரும் மாஸ்க்கில் கண், மூக்குத்தி, தாலி இருக்கும் இடங்களைக் கறுப்பால் மூடுங்கள். உள்ளே ஏதாவது மாற்ற வேண்டுமானால் அதன் சிறு படத்தின் மேல் டபுள் கிளிக் செய்தால் தனி ஜன்னலில் எல்லா லேயர்களும் திறக்கும். மாற்றி, சேவ் செய்து மூடினால் வெளியேயும் மாறும்.

இப்போது பெயர். final என்ற சொல்லை ஃபைல் பெயரில் எப்போதும் எழுதாதீர்கள். எழுதும்போது அது உண்மைதான், ஆனால் பாட்டி ஒரு வார்த்தை சொன்னதும் பொய்யாகிவிடும். அதற்குப் பிறகுதான் final2 பிறக்கிறது. உங்கள் படத்துக்கு நான் வைப்பது இப்படி:

```
K0042a_m01.tif
K0042a_r01.tif
K0042b_m01.jpg
K0042_w01.psd
K0042_w02.psd
K0042_w02_print.tif
K0042_w02_viber.jpg
K0042.txt
```

K குடும்பத்தின் எழுத்து. 0042 படத்தின் எண், ஒரு காகிதத்தின் எண் இல்லை. அதே படத்தின் இரண்டு காகிதப் பிரதிகளுக்கு a, b. உங்களுடையது a, சித்தப்பாவுடையது b. m என்றால் தொடாத மூலம், r என்றால் பின்புறம், w என்றால் வேலை ஃபைல். நாளைக்கு இன்னும் நல்ல ஸ்கேனர் கிடைத்தால் K0042a_m02 வரும், m01 அப்படியே இருக்கும். வேலை ஃபைலில் a, b இல்லை, ஏனென்றால் அதில் இரண்டும் கலந்திருக்கின்றன. வெளியே போகும் ஒவ்வொரு ஃபைலும் எந்த வேலை ஃபைலிலிருந்து வந்தது என்பதைத் தன் பெயரிலேயே சுமக்கிறது. சித்தப்பா போனில் "w02 நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் இருவரும் ஒரே படத்தைத்தான் பேசுகிறீர்கள். 2 என்று போடாமல் 02 என்று போடுவது வரிசைக்காக. சில இடங்களில் w10 என்பது w2-க்கு முன்னால் போய் நிற்கும்.

எப்போது எண்ணை ஏற்றுவது என்பதற்கு ஒரே விதி வைத்திருக்கிறேன். ஒரு படத்தை யாருக்காவது காட்டிவிட்டாலோ அனுப்பிவிட்டாலோ அந்த எண் மூடிவிட்டது. அடுத்த மாற்றம் அடுத்த எண்ணில்தான். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் அதே பெயரில் சேவ் செய்யலாம், உள்ளே லேயர்கள் பிரிந்திருப்பதால் பயமில்லை. ஒவ்வொரு சேவுக்கும் ஒரு புதுப் பெயர் வைத்தால் மறுபடி ஆறு ஃபைல் குழப்பம்தான். அந்த txt ஃபைலில் எண்ணுக்கு ஒரு வரி எழுதுங்கள்: "w01, மூலை b-யிலிருந்து. w02, பாட்டி சொன்னபடி கன்னம் பழையபடி." ஒரு வருடம் கழித்து இந்த இரண்டு வரிகள் போதும்.

ஆளின் பெயரையும் ஆண்டையும் ஃபைல் பெயரில் சேர்க்காததற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டு பெரும்பாலும் ஊகம். பாட்டிக்கு நினைவு வந்து மாற்றிச் சொன்னால் எல்லா ஃபைலின் பெயரையும் மாற்ற வேண்டும். பெயரோ நம்மில் பலருக்கு வீட்டில் ஒன்று, பதிவுச் சீட்டில் பர்மியப் பெயர் ஒன்று. பர்மிய எழுத்தில் ஃபைல் பெயர் வைப்பதில் இன்னொரு தொல்லை: பழைய கணினியில் ஸாஜீ எழுத்துருவில் அடித்தது யூனிகோட் கணினியில் உருக்குலைந்து தெரியும், தேடினாலும் அகப்படாது. 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறத் தொடங்கியதற்கு முன் சேர்த்த ஃபைல்கள் உங்கள் வீட்டிலும் அப்படி இருக்கும். அதனால் ஃபைல் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். இரண்டு பெயர்களையும், ஊரையும், யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையும் File Info பெட்டியில் Description பகுதியில் தமிழிலேயே எழுதுங்கள். அது ஃபைலுக்குள்ளேயே பயணிக்கும். வைபரில் போகும்போது அது கழன்றுவிடக்கூடும் என்பதால் txt-யிலும் அதையே வையுங்கள்.

மின்வெட்டு நேரத்தில் சேவ் ஓடிக்கொண்டிருந்தால் பெரிய பிஎஸ்டி கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. Preferences-ல் File Handling போய் தானாக மீட்புத் தகவல் சேமிக்கும் இடைவெளியை 5 நிமிடமாக்குங்கள். மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அந்த மீட்புத் தகவல் எதிர்பாராமல் அணைந்தால் மட்டும் கைகொடுக்கும், அதைச் சேமிப்பு என்று எண்ண வேண்டாம். ஒரு எண் மூடியதும் பிஎஸ்டியையும், அதே படத்தின் லேயர் இல்லாத டிஃப் ஒன்றையும் வெளி டிஸ்க்கில் போடுங்கள், இன்னொரு பிரதி யாராவது போகும்போது சென்னைக்குப் போகட்டும். ஜேபெக் எடுக்க Save a Copy பயன்படுத்துங்கள், அப்போது திறந்திருக்கும் பிஎஸ்டி பிஎஸ்டியாகவே இருக்கும்.

சித்தப்பா வீட்டில் போட்டோஷாப் இல்லையென்றால் பிரவுசரில் ஓடும் போட்டோபீ பிஎஸ்டியைத் திறக்கும், ஸ்மார்ட் ஆப்ஜெக்டும் அதற்குப் புரியும். கிம்ப்பில் திறந்தால் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் சாதாரண லேயராக மாறித்தான் வரும். பார்க்கலாம், ஆனால் அங்கிருந்து அதே பெயரில் திரும்ப எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அந்த ஆறு ஃபைல்கள். அழிக்காதீர்கள். மாற்றிய தேதிப்படி வரிசைப்படுத்தி, K0042_x01 முதல் K0042_x06 வரை பெயரிட்டு ஒரு தனி போல்டரில் வையுங்கள். புது ஸ்கேனை w01 ஆக்கி முடித்ததும், x01-ஐ அதன் மேல் Difference மோடில் போட்டுப் பாருங்கள். முகத்தில் எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கேதான் உங்கள் பிரஷ் போயிருக்கிறது. அந்த இடங்களை பாட்டியிடம் காட்டி, ஒவ்வொன்றும் என்ன என்று கேளுங்கள். அவர் சொல்வதை txt ஃபைலில் அப்படியே எழுதி வையுங்கள்.